படத்தில் உள்ள பழுப்புக் கட்டி மண்ணா, உரமா?

நாங்கள் ஜெலுத்தோங்கில் பத்தாவது மாடியில் இருக்கிறோம். அப்பா வாங்கி வந்த 5 கிலோ பையின் படம் இது. மேலே 'சாபுட் கெலாபா' என்று இருக்கிறது. இதில் அப்படியே மிளகாய் நடலாமா?

அது மண்ணும் இல்லை, உரமும் இல்லைங்க. தேங்காய் நார்க்கழிவை அழுத்திய கட்டி. பெயரைப் பார்க்காமலேயே தெரிகிறது: சதுரமான விளிம்பு, உடைந்த மூலையில் நார் இழைகள். 'தானா ஹீத்தாம்' எனும் கறுப்பு மண் தளர்வாக, கட்டியில்லாமல் பையில் தொய்ந்து கிடக்கும். ஈரத்தோடு அது நல்ல கனம். பால்கனிக்கு உங்கள் அப்பா வாங்கியதே மேல்.

ஆனால் அதில் சத்து மிகக் குறைவு. தனியாக நட்டால் கன்று கொஞ்ச நாளில் வெளிறிப்போகும். கால்வாசியை உடைத்து சுமார் 6 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஏறக்குறைய 15 லிட்டர் அளவுக்குப் பெருகும்.

பையின் பின்பக்கத்தையும் படம் எடுத்துப் பாருங்கள். கழுவியது என்றோ, உப்பின் அளவைக் காட்டும் இசி குறைவு என்றோ குறிப்பு இல்லையென்றால் உப்பு தங்கியிருக்கலாம். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி வடியுங்கள். வடியும் தேநீர் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது நாரின் சாயம், உப்பு கண்ணுக்குத் தெரியாது. அலசாமல் நட்டால் இலை நுனி கருகுவதில்தான் தெரியவரும்.

அப்புறம், இரண்டு பங்கு நாருக்கு ஒரு பங்கு மக்கிய உரம் கலந்து, அடியில் ஓட்டையுள்ள 30 சென்டிமீட்டர் பையில் நிரப்பி நடுங்கள்.