கன்சல்டன்ட் கொடுத்த திட்ட அறிக்கையில் என்பிவி, பேபேக் காலம் சரியா என்று நாமே எப்படிப் பார்ப்பது? தள்ளுபடி விகிதம் 12% என்று போட்டிருக்கிறது.

உங்கள் அறிக்கையும் ‘என்பிவி பாசிட்டிவ்’ என்று தடித்த எழுத்தில்தான் முடிந்திருக்கும். அதை விடுங்கள். என்பிவி என்பது வருங்கால வரவுகளை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டி, முதலீட்டைக் கழித்த மீதிதான். ஆண்டுவாரி அட்டவணையில் முதல் ஆண்டு வரவை இப்படிக் குறைக்க எந்தக் காரணியால் பெருக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 12% என்றால் 1-ஐ 1.12-ஆல் வகுத்து 0.8929 இருக்க வேண்டும்.

என் தம்பியின் மரச்செக்கு எண்ணெய்த் திட்டத்தில் 0.9091 இருந்தது. அது 10 சதவீதத்துக்கான காரணி. முன்பக்கத்தில் 12, உள்ளே 10! முதலீடு 10 லட்சம். ஐந்தாண்டு வரவு 2, 2.5, 3, 3, 3 லட்சம். 10 சதவீதத்தில் சுமார் 5,000 ரூபாய் லாபம் காட்டியது, 12-ல் போட்டால் 47,713 ரூபாய் நஷ்டம். தம்பியிடம் சொன்னேன். “அண்ணா, அவரே பாசிட்டிவ்னு போட்டிருக்காரு, நீ ஏன் எப்பவும் நெகட்டிவாவே பேசற?” என்றான்.

எக்செல்லில் நீங்களே போட்டுப் பாருங்கள். முதலீடு மைனஸ் குறியோடு C2-வில், வரவுகள் அதற்குக் கீழே:

```
=NPV(12%,C3:C7)+C2
```

C2-வையும் அடைப்புக்குள் சேர்த்துவிடாதீர்கள். இன்றைக்குக் கையை விட்டுப் போகும் பணத்தையும் ஓராண்டு தள்ளிக் கழித்துவிடும். பிளஸ், மைனஸ் மாறாது, தொகைதான் தப்பாக வரும்.

பேபேக், அதாவது போட்ட முதல் திரும்பும் காலம், 3 ஆண்டு 10 மாதம் என்றிருந்தது. கூட்டல் சரிதான்: மூன்றாண்டில் 7.5 லட்சம், பாக்கி 2.5 லட்சம் நான்காம் ஆண்டின் 3 லட்சத்திலிருந்து. ஆனால் இதில் தள்ளுபடி விகிதம் எங்குமே வரவில்லை. வரவுகளை 12 சதவீதத்தில் குறைத்துக் கூட்டினால் ஐந்தாண்டு முடிந்தும் 9.52 லட்சம்தான்; போட்ட முதலே திரும்பவில்லை.

‘மிஷினை விற்றால் பணம் வருமே, அதைச் சேர்த்தாயா?’ என்று யாராவது கிளம்புவார்கள். சேர்த்தேன் ஐயா. ஐந்தாம் ஆண்டு முடிவில் குறைந்தது சுமார் 84,100 ரூபாய்க்குப் போனால்தான் என்பிவி பூஜ்யத்தைத் தொடும். பழைய செக்கு வாங்குபவரைக் கேட்டோம், 40,000-க்கு மேல் பேசவே இல்லை.

இதற்கு அந்தக் கன்சல்டன்ட் எட்டாயிரம் வாங்கினார். பதினான்காம் பக்கத்தில் ‘பாக்குமட்டைத் தட்டு உற்பத்தி’ என்று வேறு யாருடைய திட்டமோ அப்படியே கிடக்கிறது. அதைத் தம்பியிடம் காட்டினேன். என்பிவிக்கு அசையாதவன், அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு நேராக அவர் ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டான்.