படுக மொழிக்குப் பேச்சுணரி: 5 மணி நேர எழுத்தாக்கம் போதுமா?

கேள்வி: படுக மொழியில் 9 பேர் பேசிய 5 மணி நேர ஒலிக்குத் தமிழ் எழுத்தில் எழுத்தாக்கம் செய்து வைத்திருக்கிறோம். எழுத்தாக்கம் இல்லாத ஒலி இன்னும் 60 மணி நேரம் இருக்கிறது. 10 நிமிட எழுத்தாக்கமே போதும் என்று எங்கோ படித்தேன். இதை வைத்துப் பேச்சை எழுத்தாக்கும் மாடல் செய்ய முடியுமா, எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

முடியும். ஆனால் அந்த 10 நிமிடக் கணக்கை மறந்துவிடுங்கள். அது 2020இல் வந்த wav2vec 2.0 ஆய்வின் முடிவு. அதில் எழுத்தாக்கம்தான் 10 நிமிடம். அதற்கு முன் 53,000 மணி நேர ஆங்கில ஒலியில் மாடல் பழகியிருந்தது, பிறகு சுமார் 80 கோடி சொற்களில் பயின்ற மொழி மாடல் ஒன்றும் பிழைகளைத் திருத்தியது. படுகத்துக்கு இரண்டுமே கிடையாது.

தொடக்கப் புள்ளியாக `facebook/wav2vec2-xls-r-300m` எடுத்துக்கொள்ளுங்கள். 128 மொழிகளின் 4,36,000 மணி நேர ஒலியை எழுத்தே இல்லாமல் கேட்டுப் பழகிய மாடல் அது. ஒலியின் சில பகுதிகளை மறைத்துவிட்டு, அங்கே இருந்திருக்க வேண்டியது எது என்று பல மாற்றுகளுக்கு நடுவே தேர்ந்தெடுக்கச் சொல்வதுதான் அதன் பயிற்சி. ஆக, ஒலிகளைப் பிரித்தறிவதை அது ஏற்கெனவே கற்றுவிட்டது. எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்பதை மட்டும் உங்கள் 5 மணி நேரம் சொல்லித்தர வேண்டும். அதனால்தான் பெரும்பாலான முயற்சிகள் மாடலில் சறுக்குவதில்லை, எழுத்தில் சறுக்குகின்றன.

முதல் பள்ளம் இது. நிறுத்தற்குறிகளை நீக்க இணையத்தில் எல்லோரும் எடுத்து ஒட்டும் ஒரு வரி:

```python
re.sub(r"[^\w\s]", "", "வீடு கட்டினார்")
# 'வட கடடனர'
```

பைதானின் `\w` உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை, மொத்தமாகத் துடைத்துவிடும். கொடுமை என்னவென்றால் பயிற்சி தடையின்றி ஓடும், பிழை விகிதமும் அழகாகக் குறையும். ஏனென்றால் சோதனை வாக்கியங்களும் அதே வரியில் சிதைந்திருக்கும். Whisper உடன் வரும் பொது normalizer-உம் இந்தக் குறிகளை இடைவெளியாக மாற்றிவிடுகிறது, அதை வைத்துப் பிழையைக் கணக்கிட்டால் இதே மாதிரி வேறொரு பொய்க் கணக்கு வரும். மாற்று வழி:

```python
t = unicodedata.normalize("NFC", t)
t = re.sub(r"[^\u0B80-\u0BFF\s]", " ", t)
```

முதல் வரி, 'ொ' ஒரே குறியாகவும் 'ெ', 'ா' என இரண்டாகவும் கலந்து கிடப்பதை ஒன்றாக்கும். இரண்டாவது வரி "25", "bus" போன்றவற்றை விழுங்கிவிடும், ஆகவே அதற்கு முன்பே எண்களையும் ஆங்கிலச் சொற்களையும் பேசிய விதத்திலேயே தமிழ் எழுத்தில் எழுதிவிடுங்கள்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். படுகத்துக்கு நிலைத்த எழுத்து மரபு இல்லாததால் எழுதிய ஒவ்வொருவரும் ஒரு மாதிரி எழுதியிருப்பார்கள். ஒருவர் 'பஸ்', இன்னொருவர் 'பஸ்ஸு', மூன்றாமவர் 'பசு'. எல்லாச் சொற்களையும் எண்ணிக்கையோடு பட்டியலிட்டு, ஒரே சொல்லின் வடிவங்களை ஒருவரே உட்கார்ந்து ஒன்றாக்கட்டும். நாலைந்து நாள் ஆகலாம், ஆனால் அமைப்புகளை மாற்றி மாற்றி ஓட்டுவதைவிட இது அதிகப் பலன் தரும். 'க' ஒன்றே ka, ga இரண்டுக்கும் நிற்பது மாடலுக்குத் தொல்லை இல்லை. இரண்டு ஒலிக்கு ஒரு எழுத்து என்றால் கற்றுக்கொள்ளும். ஒரே ஒலிக்கு ஆளுக்கொரு எழுத்து என்றால்தான் குழம்பும். மொழியியலாளர் எமனோ 1939இல் பதிவுசெய்த, நாக்கை மடித்து ஒலிக்கும் நாமடி உயிர்களைச் சில பெரியவர்கள் இன்னும் ஒலிக்கலாம், அதற்காகப் புதுக் குறி எதுவும் சேர்க்க வேண்டாம். 5 மணி நேரத்தில் அதற்குப் போதிய எடுத்துக்காட்டு கிடைக்காது.

இப்போது கன்னடம். எழுத்து தமிழாக இருந்தாலும் படுகத்துக்கு நெருங்கிய உறவு கன்னடம்தான், அதில் எழுத்தாக்கம் செய்த ஒலி தாராளமாகக் கிடைக்கிறது: OpenSLR-இல் `SLR79`, வானொலிச் செய்திகளிலிருந்து திரட்டிய Shrutilipi. முதலில் கன்னடத்தில் ஃபைன்டியூன் செய்துவிட்டு அங்கிருந்து படுகத்துக்கு வாருங்கள். கன்னட வரிகளைத் தமிழ் எழுத்துக்கு மாற்றுவது எளிது. இரண்டின் யுனிகோட் அடுக்கும் ஒரே வரிசை, பெரும்பாலான குறிகளில் `0x100` கழித்தால் போதும். ஆனால் ಖ, ಗ, ಘ மூன்றுக்கும் தமிழில் இடம் காலி, அவற்றை 'க' ஆக்க வேண்டும். மற்ற வருக்கங்களுக்கும் அப்படியே. அனுஸ்வாரத்தை அடுத்து வரும் மெய்யைப் பார்த்து ங், ஞ், ண், ந், ம் என்று மாற்றுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் தமிழில் யாரும் எழுதாத ஒரு குறி மாடலின் எழுத்துப்பட்டியலில் நுழைந்துவிடும். இரண்டு கட்டத்துக்கும் ஒரே எழுத்துப்பட்டியலை வைத்தால், கன்னடத்தில் கற்ற கடைசி அடுக்கையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

பயிற்சி அமைப்பில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒலி 16 கிலோஹெர்ட்ஸ், ஒற்றைத் தடம், துண்டுகள் 15 நொடிக்குள். `freeze_feature_encoder()` கட்டாயம், `ctc_zero_infinity=True` வையுங்கள், `pad_token_id` உங்கள் எழுத்துப்பட்டியலோடு ஒத்திருக்கட்டும். கற்றல் வேகம் கன்னடத்துக்கு 3e-4, படுகத்துக்கு 5e-5 அளவில். 5 நொடித் துண்டுகள் என்றால் சுமார் 3,600 வரும். 16 துண்டுக்கு ஒரு அடி என வைத்தால் ஒரு சுற்று 225 அடி, சோதனைக்கு ஒதுக்குவது போக இன்னும் குறையும்.

கன்னடக் கட்டத்தின் தொடக்கத்தில் loss சட்டென்று 3 அளவுக்கு இறங்கி அங்கேயே நிற்கும், வெளியீடு முழுக்க வெறுமையாக இருக்கும். பயப்பட வேண்டாம். வெற்றுக் குறியையே சொல்லிக்கொண்டிருப்பதுதான் அந்த நேரத்தில் மாடலுக்குச் சுலபமான வழி. சில நூறு அடிகளில் அங்கிருந்து நகரும். இரண்டாயிரம் அடி தாண்டியும் நகரவில்லை என்றால் `pad_token_id`, ஒலியும் எழுத்தும் ஜோடி மாறியிருக்கிறதா, கற்றல் வேகம் என்ற வரிசையில் பாருங்கள்.

சோதனைக்கு இரண்டு பேரை முழுதாக ஒதுக்குங்கள். அவர்களுடைய குரலும் சரி, அவர்கள் வாசித்த வாக்கியங்களும் சரி, பயிற்சியில் வரக்கூடாது. ஒன்பது பேரும் ஒரே வாக்கியங்களை வாசித்திருந்தால் இது கடினம்தான். அப்போது வாக்கியங்களையும் பிரித்து, மீதியை விட்டுக்கொடுக்க வேண்டும். பிழையைச் சொல்லளவில் மட்டும் பார்க்காமல் எழுத்தளவிலும் பாருங்கள். ஒட்டுச் சேர்ந்து நீளும் சொற்களில் ஒரு எழுத்து தப்பினாலும் சொல் முழுதும் தப்பாகக் கணக்காகிவிடும்.

மிச்சமுள்ள 60 மணி நேரத்தில் சிலர் உடனே முன்பயிற்சியைத் தொடரச் சொல்வார்கள். பலன் உண்டு, ஆனால் அதற்கு ஜிபியு நேரம் நிறையப் பிடிக்கும். மலிவான வழியை முதலில் பாருங்கள்: அந்த ஒலியை மௌனம் வரும் இடங்களில் வெட்டி, உங்கள் மாடலையே எழுத வைத்து, அது உறுதியாக எழுதிய மூன்றில் ஒரு பங்கை மட்டும் கையால் எழுதிய 5 மணி நேரத்தோடு சேர்த்து, கன்னடக் கட்டத்திலிருந்து மறுபடி பயிற்றுவியுங்கள். உறுதியை அளக்கும்போது வெற்றுக் குறி வந்த இடங்களை விட்டுவிட்டு மற்ற இடங்களின் சராசரியை எடுங்கள், இல்லையென்றால் நீண்ட மௌனமுள்ள துண்டுகளே பட்டியலில் முதலில் வந்து நிற்கும். முழுக்கத் தமிழில் பேசிய துண்டுகளைக் காதால் கேட்டு நீக்கிவிடுங்கள். பேச்சின் நடுவே கலந்து வரும் தமிழ் இருக்கட்டும், சோதனையிலும் அப்படித்தான் பேசுவார்கள்.