‘புரதம் இல்லை’ என்கிறது அறிக்கை. சிறுநீரகம் வேறு சொல்கிறது

மல்டிபிள் மயலோமா பற்றியும் அது சிறுநீரகத்தைத் தாக்குவது பற்றியும் சில கடிதங்கள் சேர்ந்துவிட்டன. ஒன்றாகவே பதில் எழுதுகிறேன். எலும்பு மச்சையில் இருக்கும் பிளாஸ்மா கலங்கள்தான் நம் உடலுக்குப் பிறபொருளெதிரிகளைச் செய்து தருகின்றன. அவற்றில் ஒரு கூட்டம் கட்டுப்பாடின்றிப் பெருகும் புற்றுநோயே மயலோமா. பிறபொருளெதிரியின் சிறிய துண்டை ‘லைட் செயின்’ என்கிறோம். கப்பா, லம்டா என்று அதில் இரு வகை உண்டு. கீழே அடிக்கடி வரப்போகும் சொல் அதுதான்.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. மூன்று மாதமாக முதுகுவலி, களைப்பு. ஜனவரியில் 1.1 ஆக இருந்த கிரியேட்டினின் இப்போது 3.2. ஹீமோகுளோபின் 9.1. நீரிழிவு இல்லை. சிறுநீர் அறிக்கையில் ‘புரதம் இல்லை’ என்றும், ஸ்கேனில் சிறுநீரகங்கள் வழக்கமான அளவு என்றும் வந்திருக்கிறது. அவர் பல வருடங்கள் அநுராதபுரத்தில் வேலை செய்தவர். ‘அந்தப் பக்கத்துச் சிறுநீரக நோய்தான்’ என்கிறார்கள் உறவினர்கள். அப்படியா டொக்டர்? (வெள்ளவத்தை)

பதில்: உறவினர்கள் சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடம் காணப்படும், காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயிலும் சிறுநீரில் புரதம் மிகக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அது வருடக்கணக்கில் மெல்ல நகரும் நோய். நாள் செல்லச் செல்லச் சிறுநீரகங்களும் சுருங்கிவிடும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் உங்கள் அப்பாவுக்குச் சில மாதங்களில் மூன்று மடங்காகியிருக்கிறது, சிறுநீரகங்கள் சுருங்கவில்லை. கூடவே முதுகுவலியும் குருதிச்சோகையும். சிறுநீரகம் பழுதானாலும் குருதிச்சோகை வரும் என்பது உண்மைதான். ஆனால் இவ்வளவு குறுகிய காலத்தில் இந்த அளவுக்கு வருவது வழக்கமல்ல.

என்னைச் சந்தேகப்பட வைப்பது அந்தப் ‘புரதம் இல்லை’ என்ற வரிதான். வழக்கமான சிறுநீர் அறிக்கைக்கு ஆய்வுகூடத்தில் ஒரு வண்ணப் பட்டியை நனைத்துப் பார்ப்பார்கள். அந்தப் பட்டி பெரும்பாலும் அல்புமின் என்ற ஒரே புரதத்துக்குத்தான் நிறம் மாறும். லைட் செயின் எவ்வளவு கொட்டினாலும் அதன் நிறம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். எனவே அந்த வரியை ‘அல்புமின் இல்லை’ என்று மட்டும் வாசியுங்கள்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. தெளிந்த சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தைச் சில துளி விட்டால் எந்தப் புரதமானாலும் கலங்கும். பட்டியில் ஒன்றுமில்லை, அமிலத்தில் பால்போலக் கலங்குகிறது என்றால் அல்புமின் அல்லாத புரதம் இருக்கிறது என்று பொருள். அண்மையில் ஸ்கேனுக்காகச் சாய மருந்து ஏற்றியிருந்தாலும், சில நுண்ணுயிர்க்கொல்லிகளை எடுத்தாலும் வீணாகக் கலங்கக்கூடும் என்பதை மட்டும் மனதில் வைக்க வேண்டும். இன்று இதைச் செய்யும் ஆய்வுகூடங்கள் குறைந்துவிட்டன என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அதற்குப் பதிலாகச் சிறுநீரின் மொத்தப் புரதத்தையும் அல்புமினையும் தனித்தனியே அளந்து ஒப்பிடலாம்.

அடுத்த மாதக் கிளினிக்குக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே சிறுநீரக வைத்திய நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள். குருதிக் கல்சியம், குருதிப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் எலெக்ட்ரோபோரெசிஸ், ஒரே வகைப் பிறபொருளெதிரி பெருகியிருக்கிறதா என்று காட்டும் இம்யூனோஃபிக்சேஷன், குருதியில் தனியே மிதக்கும் ‘ஃப்ரீ லைட் செயின்’ ஆகியவற்றை மேற்சொன்ன சிறுநீர்ப் பரிசோதனையோடு சேர்த்துச் செய்யலாமா என்று கேளுங்கள். எலெக்ட்ரோபோரெசிஸ் மட்டும் செய்து, சரியாக இருக்கிறது என்று நின்றுவிடக் கூடாது. மயலோமா நோயாளிகளில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு லைட் செயின் மட்டுமே சுரக்கும். அவர்களின் எலெக்ட்ரோபோரெசிஸில் கண்ணில் படும்படி ஒன்றும் இல்லாமல் போகலாம், ஈ.எஸ்.ஆர். கூட அதிகம் ஏறாமல் இருக்கலாம்.

கேள்வி: முன்பு எழுதியவள்தான். முடிவுகள் வந்துவிட்டன. சிறுநீரில் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு மொத்தப் புரதம் 4.1 கிராம், அல்புமின் 0.2 கிராம் மட்டும். கப்பா லைட் செயின் 3,150, லம்டா 9, விகிதம் 350. கல்சியம் 2.9. உடனே அனுமதித்துவிட்டார்கள். எலும்பு மச்சைப் பரிசோதனை முடிவு வருமுன்பே ஒரு மருந்தைத் தொடங்கப் போகிறார்களாம். ஏன் இந்த அவசரம்?

பதில்: அனுமதித்ததும் சரி, அவசரப்படுவதும் சரி. 4.1 கிராம் புரதத்தில் அல்புமின் 0.2 மட்டும் என்றால் மீதி பெரும்பாலும் லைட் செயின்தான். கப்பாவின் வழக்கமான அளவு லீற்றருக்கு ஏறத்தாழ 3 முதல் 19 மில்லிகிராம். 500க்கு மேல் போனாலே சிறுநீரகம் அடைபடும் என்று அஞ்சுவோம். உங்கள் அப்பாவுக்கு 3,150.

உள்ளே நடப்பது இதுதான். லைட் செயின் மிகச் சிறியது, எடையில் அல்புமினின் மூன்றில் ஒரு பங்குதான். சிறுநீரகத்தின் வடிகட்டி அதைத் தடுக்காது. கொஞ்சமாக வந்தால், அடுத்துள்ள நுண்குழாயின் கலங்கள் உறிஞ்சி அழித்துவிடும். அளவு மீறி வரும்போது அந்தக் கலங்களே சேதமாகின்றன, மிஞ்சியது கீழே ஓடுகிறது. அங்கே சிறுநீரகம் இயல்பாகச் சுரக்கும் யூரோமொடுலின் என்ற புரதத்தோடு ஒட்டி, மெழுகுபோல் இறுகி, குழாயை அடைக்கிறது. அடைப்பைச் சுற்றி அழற்சி தொடங்கி, வாரங்களில் அந்த இடம் தழும்பாகிவிடும். அடைப்பு கரையலாம், தழும்பு கரையாது. உங்கள் வைத்தியர்கள் அவசரப்படுவது அதனால்தான்.

தொடங்கும் மருந்து பெரும்பாலும் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட்டாக இருக்கும். நோய் உறுதியானதும், மயலோமாக் கலங்களை அழிக்கும் போர்டெசோமிப் சேரும். சிறுநீரகம் பழுதாகியிருந்தாலும் அதன் அளவைக் குறைக்க வேண்டியதில்லை என்பது அதன் சிறப்பு. சிறுநீர் நன்றாகப் போகிறது, உடல் வீங்கவில்லை என்றால் நாளொன்றுக்கு மூன்று லீற்றர் வரை திரவம் கொடுப்பார்கள். கல்சியம் ஏறியிருப்பதால் உடலில் நீர் வற்றியிருக்கும், அதையும் அது சரிசெய்யும். ஆனால் இதை நீங்களாக வீட்டில் செய்யக் கூடாது. சிறுநீர் குறைந்திருப்பவருக்கு இதே நீர் நுரையீரலில் தேங்கும்.

மூன்று வாரத்தில் கப்பா எவ்வளவு இறங்கியது என்று கேளுங்கள். குறைந்தது 60 சதவீதம் இறங்கியிருந்தால், அதாவது 1,260க்குக் கீழே வந்திருந்தால், சிறுநீரகம் மீளும் வாய்ப்பு நன்றாகக் கூடுகிறது. ஒரே ஆய்வுகூடத்தில், ஒரே முறையில் அளக்கச் செய்யுங்கள். முறைக்கு முறை எண் மாறும்.

கேள்வி: எனக்கு 20 வருட நீரிழிவு, கிரியேட்டினின் 2.1. கப்பா 62, லம்டா 31, விகிதம் 2.0 என்று வந்து, பக்கத்தில் ‘அதிகம்’ என்று குறித்திருக்கிறார்கள். இரவில் தூக்கம் இல்லை. (கொட்டாஞ்சேனை)

பதில்: தூங்குங்கள் ஐயா. இரண்டுமே ஏறியிருக்கின்றன. லைட் செயினை வெளியேற்றுவது சிறுநீரகம், அது தளர்ந்தால் இரண்டும் சேர்ந்தே தேங்கும், கப்பா சற்றுக் கூடுதலாக. ஆய்வுகூடம் குறித்த எல்லை 0.26 முதல் 1.65 வரை, அது நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கானது. உங்களைப் போன்றவர்களுக்கு 3.1 வரை ஏற்றுக்கொள்கிறோம். மயலோமாவில் ஒன்று மட்டும் விண்ணைத் தொடும், மற்றது அடங்கியிருக்கும். இம்யூனோஃபிக்சேஷனை ஒருமுறை செய்துகொள்ளுங்கள். அதிலும் ஒன்றுமில்லை என்றால் சில மாதங்கள் கழித்து ஒருமுறை பார்த்தால் போதும்.

கேள்வி: மயலோமா உள்ள என் கணவருக்கு முதுகுவலி தாங்கவில்லை. பார்மசியில் டைக்ளோபெனாக் வாங்கிக் கொடுக்கலாமா? (தெஹிவளை)

பதில்: கூடாது. டைக்ளோபெனாக், இபுபுரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் குருதியோட்டத்தைக் குறைக்கும். நுண்குழாயில் ஓட்டம் மந்தமானால் லைட் செயின் இறுகுவதற்கு அதைவிட நல்ல தருணம் கிடையாது. நன்றாக இருந்தவர் ஒரு வார மாத்திரையோடு சிறுநீர் நின்று வந்து சேருவது எங்கள் வார்டுகளில் புதிதல்ல. முதலில் மயலோமாவே எலும்பை அரித்து முதுகுவலி தருகிறது, அந்த வலிக்கு வாங்கிய மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, அதன் பிறகுதான் நோய் தெரியவருகிறது. வயிற்றோட்டம், காய்ச்சல், நீர்போக்கும் மாத்திரை, ஸ்கேனுக்கு ஏற்றும் சாய மருந்து ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். ஸ்கேன் அறையில் ‘மயலோமா இருக்கிறது’ என்று நீங்களே சொல்லுங்கள்.

வலிக்குப் பனடோலைச் சரியான அளவில் கொடுக்கலாம். போதாவிட்டால் வைத்தியர் வேறு வலிமையான மருந்து எழுதுவார். திடீரென்று கால் தளர்ந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ முள்ளந்தண்டு நெரிபடுவதாக இருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும் என்று காமரங்காச் சாறு கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதிலுள்ள ஒக்சலேற்று கெட்ட சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு மயலோமா. மஹரகமவில் சிகிச்சை, வாரம் மூன்று முறை டயலிசிஸ். இனி வாழ்நாள் முழுக்க டயலிசிஸ்தானா? (மட்டக்குளி)

பதில்: இப்போதே அப்படிச் சொல்ல முடியாது. மருந்து தொடங்கிச் சில மாதங்கள் கழித்து டயலிசிஸை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். அதைப் பெரிதும் தீர்மானிப்பது லைட் செயின் எவ்வளவு விரைவாக, எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதே. சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால் குருதியில் உள்ள லைட் செயின் சில மணி நேரத்தில் பாதியாகும். வேலை செய்யாவிட்டால் அதற்கு இரண்டு மூன்று நாட்கள் ஆகும். எனவே முதல் வாரத்தில் எண் மெதுவாக இறங்கினால் மனம் தளர வேண்டாம்.

லைட் செயினைக் கூடுதலாக அள்ளும் சிறப்பு வடிகட்டி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டனிலும் பிரான்சிலும் நடந்த இரண்டு ஆய்வுகளில், மூன்றாம் மாத முடிவில் டயலிசிஸிலிருந்து விடுபட்டோர் தொகையில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. கையில் இருக்கும் பணத்தை அதற்குச் செலவிடச் சொல்ல மாட்டேன். மச்சையில் உற்பத்தி நிற்காதவரை குருதியிலிருந்து அள்ளிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மருந்தை ஒருமுறை கூடத் தவற விடாதீர்கள். டயலிசிஸ் நாளும் மருந்து நாளும் மோதினால் இரண்டு பிரிவினரையும் பேசவிட்டு நாளை மாற்றுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் நாங்களும் பரிசோதிக்க வேண்டுமா? (அதே வாசகி)

பதில்: நெருங்கிய உறவினருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல்தான், ஆனாலும் மொத்தத்தில் மிகக் குறைவு. எந்த அறிகுறியும் இல்லாத பிள்ளைகளை நான் பரிசோதிப்பதில்லை. பிற்காலத்தில் உங்களில் யாருக்காவது காரணம் தெரியாத குருதிச்சோகையோ கிரியேட்டினின் உயர்வோ வந்தால், அம்மாவின் நோயைப் பற்றி வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.