கடன் பணத்தில் பங்குதாரருக்கு என்ன வேலை?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

எங்கள் நிறுவனம் புதிய உற்பத்திப் பிரிவு ஒன்றை முழுக்க வங்கிக் கடனில் தொடங்கவிருக்கிறது. வட்டி 8%. திட்டம் வரி போக 9% ஈட்டும். ஆனால் நிதித் துறையினர் திட்டத்தின் வருங்கால வருமானத்தை ஆண்டுக்கு 11.4 சதவீத விகிதத்தில் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிட்டு, திட்டம் நட்டம் என்கிறார்கள். பங்குதாரர் பணம் ஒரு காசுகூட இதில் இல்லாதபோது அவர்களின் எதிர்பார்ப்பை ஏன் சேர்க்க வேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வங்கி 8 சதவீதத்துக்குக் கடன் தருவது உங்கள் திட்டத்தை மட்டும் பார்த்து அல்ல. திட்டம் சரிந்தாலும் நிறுவனத்தின் மற்ற வருமானத்திலிருந்து வட்டி வந்துவிடும் என்பதால்தான் அந்த விகிதம் கிடைக்கிறது. அந்த மற்ற வருமானம் பங்குதாரருக்குச் சேர வேண்டியது. ஆகவே அவர்கள் பணம் போடாவிட்டாலும் பிணை நிற்கிறார்கள்.

கடனும் பங்கும் 40-க்கு 60, வரி 25%, பங்குதாரர் எதிர்பார்க்கும் ஈட்டம் 15% என்று வைத்துக்கொள்வோம். வட்டிக்கு வரிவிலக்கு உண்டு என்பதால் கடனின் நிகரச் செலவு 6% தான். 6-இல் 40 சதவீதம் 2.4, 15-இல் 60 சதவீதம் 9, கூட்டினால் 11.4. இன்று 100 போட்டு ஓராண்டில் 109 வருமானால், அதன் இன்றைய மதிப்பு 109-ஐ 1.114-ஆல் வகுத்து வரும் 97.8 மட்டுமே.

வட்டியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். இவ்வாண்டு இந்த 9% திட்டத்தை ஏற்கிறீர்கள். அடுத்த ஆண்டு, அதே அளவு இடருள்ள, 13% ஈட்டும் திட்டம் வருகிறது, ஆனால் கடன் வாங்கும் வரம்பு தீர்ந்துவிட்டதால் வங்கி கைவிரிக்கிறது. புதுப் பங்கு வெளியிட வேண்டும், அதன் செலவு 15% என்பதால், அதே தர்க்கப்படி நல்ல திட்டத்தை நிராகரிப்பீர்கள். எந்தத் திட்டம் எந்த மாதத்தில் வந்தது என்பதே முடிவைத் தீர்மானித்திருக்கும். நிறுவனம் நீண்டகாலத்தில் பேண நினைக்கும் விகிதத்தில் இரு செலவுகளையும் கலப்பது இதற்காகத்தான்.

அப்படியானால் மலிவான கடனையே கூட்டிக்கொண்டு போகலாமே என்று தோன்றும். வரியை ஒதுக்கிவிட்டு, கடனே இல்லாத நிறுவனம் ஒன்று 100 மூலதனத்தில் சராசரியாக 12 ஈட்டுவதாகக் கொள்வோம். பாதியை 8% கடனாக மாற்றினால் வட்டி 4 போக 8 மிஞ்சும். 50 போட்டவருக்கு அது 16%. ஆனால் ஈட்டல் 6-ஆகக் குறையும் ஆண்டில் அவருக்குக் கிடைப்பது 4% தான், கடனில்லாதபோது 6% கிடைத்திருக்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்காக அவர் 16% கேட்பார். சராசரி மறுபடி 12-இல் வந்து நிற்கும். பொருளியலாளர்கள் மோடிகிலியானியும் மில்லரும் 1958-இல் காட்டியது இதுதான். வரிச் சலுகை அதைச் சற்றே குறைக்கும், அவ்வளவுதான்.

உங்கள் நிதித் துறையிடம் நான் கேட்பதாயிருந்தால் வேறு இரண்டைக் கேட்பேன். அந்த 40-க்கு 60 இன்றைய சந்தை மதிப்பிலா, பழைய கணக்கேட்டு மதிப்பிலா? புதிய பிரிவின் இடர் இப்போதைய தொழிலின் இடரை ஒத்ததா? ஒத்ததில்லையென்றால் 11.4 இத்திட்டத்துக்குப் பொருந்தாது. அதே தொழிலில் உள்ள பிற நிறுவனங்களின் மூலதனச் செலவிலிருந்துதான் அதற்கான விகிதத்தை எடுக்க வேண்டும்.