டெபாசிட் மெஷினில் போட்ட பணம் கணக்கில் வரவில்லை

"நேற்று மாலை மெஷினில் 18,500 ரூபாய் போட்டேன், எல்லாம் 500 தாள். எண்ணி முடித்து ஓகே கொடுத்ததும் திரை அணைந்துவிட்டது. சீட்டும் இல்லை, பணமும் ஏறவில்லை. போய்விடுமா?"

போகாது. மெஷின் எண்ணிய தாள்களை முதலில் இடையில் ஒரு தட்டில் நிறுத்தி வைக்கும். நீங்கள் ஓகே கொடுத்ததும் அவை உள்ளே பெட்டிக்குப் போகும், வங்கியின் சர்வருக்கும் தகவல் போகும். அந்த நேரத்தில் மின்சாரமோ இணைப்போ அறுந்தால், தாள் உள்ளே இருக்கும், கணக்கில் வரவு இருக்காது.

மெஷினைத் திறந்து பணத்தை எண்ணும்போதுதான் இது வெளியே வரும். பதிவின்படி 4,12,000 இருக்க வேண்டிய இடத்தில் 4,30,500 இருந்தால், மிச்சம் உங்கள் 18,500. அதே நாளில் இன்னொருவருக்கும் 4,000 மாட்டியிருந்தால் மிச்சம் 22,500 ஆகிவிடும். அப்போது எது யாருடையது என்பதை மெஷினின் உள்பதிவைப் பார்த்துப் பிரிப்பார்கள். எந்த நேரம், எந்தக் கணக்கு, எத்தனை 500 தாள் என்பதெல்லாம் அதில் இருக்கும். சந்தேகம் வந்தால் கேமரா காட்சியும் பார்ப்பார்கள்.

அதனால் புகாரில் நேரம், மெஷின் இருக்கும் இடம், 500 தாள் 37 என்று தெளிவாக எழுதுங்கள். வாய்ச்சொல்லோடு விடாமல் புகார் எண் கட்டாயம் வாங்குங்கள். வேறு வங்கியின் மெஷின் என்றாலும் புகாரை உங்கள் வங்கியிலேயே கொடுங்கள், இரண்டு வங்கிகளும் சரிபார்க்க வேண்டியிருப்பதால் கொஞ்சம் தாமதமாகலாம். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in தளத்தில் எழுதலாம்.