தளம் போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம்

கோபிக்காரர், இப்போது சிங்கப்பூரில்: ஏனுங்கண்ணா, ஊரில் வீட்டு வேலையை அக்கா வீட்டுக்கார மாமாதான் பார்த்துக்கறார். தங்கமான மனுஷன். தினமும் இருபது முப்பது படம் அனுப்பறார், எனக்குத்தான் ஒண்ணும் புரியலை. அடுத்த மாசம் தளம் போடறாங்க. என்ன படம் கேக்கறது?

முப்பதில் இருபத்தெட்டு சுவர் படமாக இருக்கும், சரிதானே? சுவர் எங்கேயும் ஓடிப்போகாது தம்பி, லீவில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். மூடிப்போகிற வேலையைத்தான் படமாகக் கேட்க வேண்டும். கடக்கால் குழி, பெல்ட் கம்பி, எல்லாவற்றுக்கும் மேலாகத் தளத்துக் கம்பி. கான்கிரீட் விழுந்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று உங்கள் மாமாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கம்பி கட்டி முடித்ததும், தளம் போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் படம் வந்துவிட வேண்டும். தளம் போடுகிற அன்றைக்குக் காலையில் வந்தால் பிரயோஜனமில்லை. மிக்சர் மிஷின் வந்து, இருபது ஆள் டீ குடித்துக்கொண்டு நிற்கும்போது எந்த மாமாவும் "நிறுத்து" என்று சொல்ல மாட்டார்.

ஒவ்வொரு அறைக்கும் கம்பி மேல் டேப்பை நீட்டி வைத்து, எண் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். வரைபடத்தில் ஆறு அங்குல இடைவெளி என்று இருந்தால், பன்னிரண்டு அடிக்கு 25 கம்பி வர வேண்டும். எட்டு அங்குலமாகக் கட்டியிருந்தால் 19தான் வரும். படத்தைப் பெரிதாக்கி விரல் வைத்து எண்ணுங்கள்.

இரண்டாவது படத்தை உட்கார்ந்து பக்கவாட்டில் எடுக்கச் சொல்லுங்கள். கம்பி சென்ட்ரிங் தகட்டில் ஒட்டிக்கொண்டு கிடக்கக் கூடாது, அடியில் கவர் பிளாக் என்கிற சின்னச் சிமெண்ட் கட்டை வைத்து 20 மில்லிமீட்டராவது தூக்கி நிற்க வேண்டும். ஒட்டிக் கிடந்தால் சில வருஷத்தில் கம்பி துருப்பிடித்து உப்பி, கீழே பூச்சு பெயர்ந்து விழும்.

சன்சேடு, பால்கனிக்குத் தனிப் படம் வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் முக்கியக் கம்பி மேல்பக்கம்தான் இருக்க வேண்டும். கட்டும்போது மேலேதான் கட்டுவார்கள். ஆனால் சட்டியோடு போகிற ஆட்கள் மிதித்து மிதித்து அது அடியில் போய்விடும். அதனால் அந்த இடத்துக்கு மட்டும் கான்கிரீட் விழும்போதே வீடியோ கால் போடச் சொல்லுங்கள்.

மஸ்கட்டிலிருந்து ஒருவர்: இதெல்லாம் எதுக்குங்க? ஆயிரம் சதுர அடிக்கு ஒரு டன் கம்பி இறங்கி, எடைச்சீட்டு கைக்கு வந்துட்டா தளம் சரியாத்தான் இருக்கும். டேப் வெச்சுப் படம் எடுன்னு சொன்னா சொந்தக்காரங்களைச் சந்தேகப்படற மாதிரி ஆயிடும்.

ஒரு டன் கணக்கு ஏறத்தாழ சரிதான், அஞ்சு அங்குலத் தளத்துக்கு அவ்வளவு ஆகும். எடைச்சீட்டும் வாங்கத்தான் வேண்டும். ஆனால் கம்பி வந்து இறங்கியதற்குத்தான் அது சாட்சி. எங்கே, எப்படிக் கட்டினார்கள் என்பதை அது சொல்லாது.

பெருந்துறை பக்கம் நான் சைட்டில் இருந்தபோது நடந்தது. பையன் சவுதியில், வேலையைப் பார்த்தது அவன் சித்தப்பா. நான் சொன்னபடி சித்தப்பா டேப் வைத்து எடுத்து அனுப்பினார். பையன் ராத்திரி உட்கார்ந்து எண்ணியிருக்கிறான். பன்னிரண்டுக்குப் பத்து அறையில் மட்டும் 19 கம்பி, மற்ற அறைகளில் சரி. எனக்குப் போன் வந்தது. போய்ப் பார்த்தால் யாரும் திருடவில்லை. கம்பி கட்டுகிறவர் கையிலிருந்த வரைபடம் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தது, ஆறு எட்டாகத் தெரிந்திருக்கிறது. சித்தப்பா கையில் வரைபடமே இல்லை, அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

குறைவாகப் போனது ஆறு கம்பி. எட்டு மில்லிமீட்டர் கம்பி பத்தடிக்கு ஒன்றே கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வரும், ஆறுக்கும் சேர்த்து ஏழு கிலோ. ஒரு டன்னில் ஏழு கிலோவை எந்த எடைச்சீட்டு காட்டும்? அவிழ்த்துக் கட்ட அரை நாள் ஆனது, தளம் ஒரு நாள் தள்ளிப்போனது.

சந்தேகம் என்ற பேச்சுக்கு வருகிறேன். அந்தப் படத்தால் பழி சித்தப்பா மேல் விழாமல் தப்பியது. அதை முன்கூட்டியே சொல்லிக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பாதி வேலையில் திடீரென்று கேட்டால்தான் முகம் மாறும்.

பெயர் வேண்டாம், துபாய்: மாமா அனுப்பற படம் மங்கலா இருக்குங்க. நல்ல கேமரா போனா ஒண்ணு வாங்கிக் குடுத்துவிடலாம்னு இருக்கேன், எது வாங்கலாம்?

போனைப் பற்றி என்னைக் கேட்டால் என்ன சொல்வேன்! இருக்கிற போன் போதும். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால் அஞ்சு மீட்டர் டேப் ஒன்றும் சாக்பீஸ் டப்பா ஒன்றும் வாங்கித் தாருங்கள். பலகையில் தேதியும் அறையின் பெயரும் எழுதி, அதையும் சேர்த்து எடுத்தால் பழைய படமா, எந்த அறை என்ற குழப்பம் வராது.

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு பெண்: நான் படம் அனுப்பற பக்கம் இருக்கறவ. அண்ணன் குவைத்துல. மில் வேலைக்குப் போயிட்டு வந்து தளத்துக்குத் தண்ணி விட்டு, படம் எடுத்து அனுப்பறேன். நேத்து ஒரு நாள் அனுப்பலை, "தண்ணி விட்டியா இல்லியா"ன்னு கேட்டுட்டான். மனசே விட்டுப்போச்சுங்க.

அம்மிணி, மேலே இவ்வளவு நேரம் நான் சொன்னதெல்லாம் அனுப்புகிறவர் தலையில்தான் விழுகிறது, அது எனக்குத் தெரியாமல் இல்லை.

வேலையைப் பற்றி மட்டும் முதலில். காலையில் எடுத்தால் எந்தத் தளமும் ஈரமாகத்தான் தெரியும். நம் பக்கத்து வெயிலுக்கு மதியம் மூன்று மணிக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி, அப்போது நீங்கள் மில்லில் இருப்பீர்கள். அதனால் சிமெண்ட் கலவையில் பாத்தி கட்டி இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்திவிடுங்கள். இப்போது பெரும்பாலும் வருகிற, சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டுக்குப் பத்து நாளாவது ஈரம் காயக் கூடாது. பக்கத்து வீட்டில் யாராவது மதியம் எட்டிப் பார்த்து ஒரு படம் எடுத்தால் போதும். அதற்கு ஒரு தொகையை அண்ணனே கொடுக்கட்டும், உங்கள் பெட்ரோலுக்கும் சேர்த்து.

அண்ணன் கேட்ட வார்த்தைக்கு நான் என்ன செய்வது? தளத்துக்குத் தண்ணீர் முக்கியம் என்று அவனிடம் சொன்னதே என்னை மாதிரி யாராவதாகத்தான் இருக்கும்.

முதலில் கேட்ட கோபிக்காரர்: அண்ணா, இன்னொண்ணு. பணத்தை மாமா கணக்குலயே போடறேன். அவர் தோட்டத்துச் செலவோட கலந்துடுது. கேக்கவும் வாய் வரலை.

இதுவரை போனதை விடுங்கள், இனிமேல் வருவதைப் பிரியுங்கள். உங்கள் என்ஆர்இ கணக்கிலேயே மாமாவுக்கு மேண்டேட், அதாவது பணம் எடுக்கிற அதிகாரம், கொடுக்கலாம், உள்ளூர்ச் செலவை அவர் அதிலிருந்து எடுப்பார், ஸ்டேட்மெண்ட் உங்களுக்கு வரும். அது சிரமமென்றால் மாமா பெயரில் வீட்டுக்கென்றே ஒரு கணக்கு திறக்கச் சொல்லுங்கள்.

மேஸ்திரிக்குப் போகிற பெரிய தொகையை நீங்களே நேராக அனுப்புங்கள். தளத்துப் பணம் நான் மேலே சொன்ன படங்கள் வந்த பிறகுதான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால், படம் கேட்கிற வேலையை மேஸ்திரியே மாமாவிடம் செய்வார், நீங்கள் வாயைத் திறக்கவே வேண்டாம்.

தோட்டத்துக்குப் போன பழைய பணத்துக்கு எனக்கு வழி தெரியவில்லை தம்பி. கேட்டால் அக்கா வருத்தப்படும், கேட்காவிட்டால் உங்களுக்கு உறுத்தும். தளம் போட்ட பிறகு அதைப் பாருங்கள். முதலில் அந்த வரைபடத்தை மாமாவுக்கு அனுப்பினீர்களா?