நிறமுள்ள அக்காவுக்கு ஏன் 2/3?

"பயாலஜி ஒர்க்‌ஷீட் வம்சாவளிப் படத்தை போட்டோ எடுத்தேன். பையனுக்கு மட்டும் அல்பினிசம். அக்கா Aa ஆக இருக்க வாய்ப்பு 1/2 தானே வரணும்?"

ஜீனோடைப் என்பது ஒரு பண்புக்காக அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என வந்த மரபணு ஜோடி. இங்கே A நிறம் தருவது, a நிறமில்லாத அல்பினிசத்தைத் தருவது; ஒரு A இருந்தாலே நிறம் வரும். முதலில் போட்டோவில் அக்காவின் வட்டத்தைப் பாருங்கள். நிழல் விழுந்தால் வெற்று வட்டமும் நிரப்பியதுபோல, அதாவது அல்பினிசம் உள்ளவர்போலத் தெரியும், கணக்கே மாறிவிடும்.

பையன் aa. பெற்றோருக்கு நிறம் இருந்தும் ஆளுக்கொரு a கொடுத்திருக்கிறார்கள், எனவே இருவரும் Aa. குடத்தில் AA, Aa, Aa, aa என நான்கு சீட்டுகள் இருப்பதாக நினையுங்கள். அக்காவுக்கு நிறம் இருப்பது தெரிந்ததுமே, அவர் எடுத்தது aa சீட்டு இல்லை என்றாகிறது. மீதி மூன்றில் இரண்டு Aa; அதனால்தான் 2/3.

நான்கில் ஒன்று aa என்பதால், ஒரு பிள்ளைக்கு வந்தபின் அடுத்த மூவருக்கு வராது என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு பிறப்புக்கும் நான்கு சீட்டும் மறுபடி குடத்துக்குள் போகின்றன.